தேன்குழல் பாக்கெட்டில் வரி யாருடைய காசு?

கேள்வி: காரைக்குடியில் பதினான்கு வருடமாகப் பலகாரம் செய்து விற்கிறேன். ஜி.எஸ்.டி. பதிவு உண்டு. சென்னையில் ஒரு பெரிய கடைக்கு 200 கிராம் தேன்குழல் பாக்கெட் அனுப்புகிறேன். இங்கே என் கடையில் 250 கிராம் பாக்கெட். இரண்டுக்கும் எம்.ஆர்.பி. 112 ரூபாய்தான் இருந்தது. 2025 செப்டம்பரில் பாக்கெட் பலகாரத்துக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனதும், சென்னைக் கடைக்காரர் விடாப்பிடியாக நின்று 106 ஆக்க வைத்துவிட்டார். இங்கே யாருமே கேட்கவில்லை, நானாகத்தான் 110 ஆக்கினேன். உதிரியாக நிறுத்து விற்பதற்கு வரி எப்போதும் 5தான். எண்ணெய் விலை ஏறியதால் அதை மட்டும் கிலோ 378லிருந்து 384 ஆக்கியிருக்கிறேன். எங்கள் கணக்குப்பிள்ளை, "வரி நம்ம பணமே இல்லை ஆச்சி, வாங்கிக் கொடுக்கிற ஆள்தான் நாம" என்கிறார். எனக்கோ இத்தனை நாளும் என் கையிலிருந்து போன மாதிரியேதான் இருந்தது. வரியை உண்மையில் கட்டுவது யார்?

பதில்: ஆச்சி, வணக்கம். உங்களுக்குத் தோன்றியது இங்குள்ள கடையைப் பொறுத்தவரை பாதிக்குப் பாதி சரி. கணக்குப்பிள்ளை சொன்னது சென்னைச் சரக்குக்குக் கிட்டத்தட்ட முழுக்கச் சரி. ஒரே அடுப்பு, ஒரே மாவு, ஒரே வரி. ஆனால் வரியைச் சுமந்த தோள் வேறு வேறு. எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் சட்டத்தை ஒதுக்கிவைத்துவிடலாம், ஏனென்றால் இந்தக் கேள்விக்கு அது பதில் சொல்லாது. 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்தபோதே, வரி வியாபாரியின் விற்பனைத் தொகை மேல்தான் போடப்பட்டது. இன்றைய ஜி.எஸ்.டி.யிலும் கட்டவேண்டிய பொறுப்பு விற்கிறவருடையது. வாங்குகிறவரிடம் வசூலித்துக்கொள்ள நமக்கு அனுமதி இருக்கிறது, அவ்வளவுதான். சரக்கைக் கடனுக்குக் கொடுத்து, பணம் வராமல் போனால்கூட வரியைக் கட்டவேண்டியது நீங்கள்தான். கணக்குப்பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள், ஒப்புக்கொள்வார்.

வேறு விதமாகவும் யோசித்துப் பார்க்கலாம். சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிற பலகாரக்காரர் தன் விற்பனையில் 1 சதவீதம் வரி கட்டுகிறார், ஆனால் வாடிக்கையாளரிடம் வரி என்று ஒரு பைசா வாங்கக்கூடாது. அவருடைய ரசீதிலேயே அதை அச்சடித்திருக்க வேண்டும். அதனால் அந்த வரி அவர் பையிலிருந்துதான் போகிறது என்று சொல்லிவிட முடியுமா? நூறு ரூபாய் சரக்கை 101 என்று எழுதிவிட்டால் முடிந்தது. விலையை அவர்தானே வைக்கிறார்! அதேபோல ரசீதில் 'ஜி.எஸ்.டி. 5%' என்று தனியாக ஒரு வரிசையில் எழுதுவதால் அது வாங்குகிறவர் காசு ஆகிவிடாது. அப்படி எழுதுவதற்காக நீங்கள் அடிப்படை விலையைக் குறைத்திருந்தால், குறைத்த அளவு உங்களுடையது. ரசீது சொல்வது பணம் எந்தக் கை வழியாகப் போகிறது என்பதை. யார் ஏழையானார் என்பதை அது சொல்லாது.

அப்படியானால் எது தீர்மானிக்கிறது? வரி வந்ததும் யாரால் நகர முடியும், யாரால் முடியாது என்பது. வாங்குகிறவர் எளிதாக வேறு சரக்குக்கோ வேறு கடைக்கோ போய்விட முடிந்தால், வரியை அவர் தலையில் வைக்க முடியாது. விற்கிறவர் எளிதாக உற்பத்தியைக் குறைத்துவிட்டு வேறு வேலை பார்க்க முடிந்தால், அவர் தலையிலும் வைக்க முடியாது. இருவரில் யாருக்கு நகர வழி குறைவோ அவர் அதிகம் சுமப்பார். பொருளாதாரப் பாடத்தில் இதை நெகிழ்ச்சி என்பார்கள். விலை ஒரு சதவீதம் அசைந்தால் வாங்கும் அளவு எத்தனை சதவீதம் அசைகிறது என்பது வாங்குவோரின் நெகிழ்ச்சி. விற்கும் அளவு எத்தனை அசைகிறது என்பது விற்போரின் நெகிழ்ச்சி. இரண்டையும் கூட்டி, அதில் விற்போர் எண் எவ்வளவு பங்கு என்று பாருங்கள். வரியில் அந்தப் பங்குதான் வாங்குவோர் தலையில் விழும். எண் தலைகீழாகப் போகிறதே என்று முதலில் தோன்றும். விற்பவருக்கு வழி அதிகமாக இருந்தால் வாங்குபவர் அதிகம் கொடுப்பார் என்று நினைத்துக்கொண்டால் நிமிர்ந்துவிடும்.

இதை வைத்துச் சென்னையைப் பார்ப்போம். அந்தக் கடையின் அலமாரியில் உங்கள் தேன்குழலுக்கு இடமும் வலமும் பத்துப் பேருடைய பாக்கெட் நிற்கிறது. இங்கேதான் எல்லாரும் தவறுகிறார்கள். "அவ்வளவு போட்டி இருக்கிறதே, அப்படியென்றால் வரியை நான்தானே சுமந்திருக்க வேண்டும்" என்று நீங்கள் கேட்கலாம். வரி உங்களுக்கு மட்டும் இருந்திருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும். ஆனால் அந்த 12 சதவீதம் லேபிள் ஒட்டிய எல்லாப் பாக்கெட்டுக்கும் ஒன்றாகவே இருந்தது. எல்லா விலையும் சேர்ந்து ஏறும்போது வாடிக்கையாளர் உங்களை விட்டு அடுத்த பாக்கெட்டுக்குப் போய்ப் பயனில்லை. அவருக்கு மிஞ்சும் ஒரே வழி கொறிப்பதையே குறைப்பது. சென்னைக்காரர்கள் ஏழு ரூபாய்க்காக மாலைக் காப்பியோடு கொறிப்பதை விட்டுவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. விற்பவர் பக்கமோ, எத்தனையோ ஊர்களில் பலகாரம் போடுகிற பட்டறைகள் இருக்கின்றன. கொஞ்சம் லாபம் தெரிந்தால் ஒரு ஷிப்ட் கூட்டுவார்கள், லாபம் போனால் அடுப்பை அணைத்துவிட்டு வேறு சரக்கு போடுவார்கள். அங்கே நகர வழி விற்பவருக்குத்தான் அதிகம்.

கணக்குக்கு வாங்குவோர் நெகிழ்ச்சி 1, விற்போர் நெகிழ்ச்சி 9 என்று வைத்துக்கொள்வோம். இவை நான் உதாரணத்துக்கு எடுத்த எண்கள், அளந்தவை அல்ல. 1ஐயும் 9ஐயும் கூட்டினால் 10, அதில் விற்போர் எண் 9. எனவே வரியில் பத்தில் ஒன்பது பங்கு வாங்குவோருடையது. நூறு ரூபாய்ச் சரக்கில் வரி 12இலிருந்து 5 ஆனால் விடுபடுவது 7 ரூபாய். அதில் 6 ரூபாய் 30 காசு வாங்குவோருக்கு, 70 காசு விற்போருக்கு. 112 என்பது 105.70 ஆகும். உங்கள் கடைக்காரர் 106இல் நிறுத்தினார். இடையில் எண்ணெய் ஏறியதையும் சேர்த்துப் பார்த்தால், வரியில் குறைந்தது முழுவதுமே தின்கிறவருக்குப் போய்விட்டது. அவர் உங்களைப் பிழிந்ததாக நீங்கள் வருத்தப்படுவது புரிகிறது. ஆனால் நீங்கள் மறுத்திருந்தால் பக்கத்துப் பாக்கெட் 106இல் நிற்க, உங்களுடையது 112இல் தூசி படிந்திருக்கும். அவர் அந்தத் தொகையைத் தன் பெட்டியில் போட்டுக்கொள்ளவில்லை என்பதற்கு எம்.ஆர்.பி. மாறியதே சாட்சி. விலையை அப்படியே வைத்துக்கொண்டு உங்களுக்குத் தருவதை மட்டும் குறைத்திருந்தால் அது வேறு கதை. இன்னொன்று: கடைக்காரர் உங்களுக்குக் கொடுக்கும் ஜி.எஸ்.டி.யைத் தான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்கிறார். அதனால் உங்கள் ரசீதில் இருக்கும் வரி அவருக்குப் பெரிய விஷயமே இல்லை. அவர் பார்ப்பது அலமாரியில் நிற்கும் கடைசி விலையைத்தான்.

(நடுவில் ஒரு எச்சரிக்கை. எடையும் பொருளும் ஒன்றாக இருக்கும் பாக்கெட்டுக்கு ஊருக்கு ஒரு எம்.ஆர்.பி. அடிக்கக் கூடாது. உங்களுடையது 200, 250 என்று வேறு எடை, அதனால் சிக்கல் இல்லை. நாளைக்கு வசதிக்காக எடையை ஒன்றாக்கினால் விலையையும் ஒன்றாக்கிவிடுங்கள்.)

இப்போது காரைக்குடிக்கு வருவோம். இங்கே உங்களுக்கு எதிரே நிற்பது லேபிள் ஒட்டிய இன்னொரு பாக்கெட் அல்ல. இரண்டு தெரு தள்ளி, வீட்டு முற்றத்தில் விறகடுப்பு வைத்துப் போடுகிறவர். சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவே தேவையில்லை. அவருடைய விலையில் 12 சதவீதமும் இல்லை, 5 சதவீதமும் இல்லை. வரி ஏறினாலும் இறங்கினாலும் அவர் விலை அசையாது. ஆக, இங்கே வரி உங்களுக்கு மட்டும் போட்ட வரி மாதிரி ஆகிவிடுகிறது. உங்கள் விலை கொஞ்சம் ஏறினால் ஊர்க்காரர்கள் தூக்குவாளியோடு அந்த முற்றத்துக்கு நடந்துவிடுவார்கள். வாங்குவோருக்கு வழி இருக்கிறது.

உங்களுக்கோ அவ்வளவு வழி இல்லை. முறுக்குச் சுற்றவும் பிழியவும் வருகிற பெண்களைப் பழக்கி எடுக்க எவ்வளவு நாளாயிற்று என்று உங்களுக்குத் தெரியும். இந்த மாதம் விலை சரியில்லை என்று அவர்களை அனுப்பிவிட்டு அடுத்த மாதம் கூப்பிட முடியாது. கடை இடமும் அடுப்பும் அதே. ஆகவே இங்கே வாங்குவோர் நெகிழ்ச்சி 3, உங்களுடையது 3 என்று வைத்தால் வரி சரிபாதியாகப் பிரியும். ஏழு ரூபாயில் மூன்றரை அவர்களுக்கு, மூன்றரை உங்களுக்கு.

நீங்கள் அனுப்பிய விலைகளை வைத்து இதைச் சோதித்துப் பார்க்க முடிந்தது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம், ஏனென்றால் பெரும்பாலான கடிதங்களில் அதற்கு வழி இருக்காது. முன்பு 112 ரூபாயில் வரி 12 போக உங்கள் கைக்கு நின்றது 100. இப்போது 110 ரூபாயை 1.05ஆல் வகுத்தால் கைக்கு நிற்பது 104 ரூபாய் 76 காசு. ஆக 4.76 ஏறியிருக்கிறது. ஆனால் இதை அப்படியே வரியால் வந்த ஆதாயம் என்று எழுதிவிடக் கூடாது, எண்ணெய் ஏறியிருக்கிறதே. இங்கேதான் உங்கள் உதிரிச் சரக்கு கை கொடுக்கிறது. அதற்கு வரி மாறவே இல்லை. ஆகவே அதன் விலையில் ஏறியது அடக்கச் செலவு மட்டும்தான். 378ஐயும் 384ஐயும் 1.05ஆல் வகுத்துப் பார்த்தால் கிலோவுக்கு 5.70 ரூபாய் சுமாருக்கு ஏறியிருக்கிறது, கால் கிலோவுக்கு ஏறத்தாழ ஒன்றரை ரூபாய். பாக்கெட்டின் 4.76இல் இந்த ஒன்றரையைக் கழித்தால் மூன்றேகால் ரூபாய். வரி குறைந்ததால் உங்களிடம் தங்கியது அதுதான்.

வாங்குகிறவருக்கு என்ன கிடைத்தது? வரி குறையாமல் எண்ணெய் மட்டும் ஏறியிருந்தால், கைக்கு 101.50 நிற்க நீங்கள் பாக்கெட்டை 113.68க்கு விற்றிருக்க வேண்டும். 110க்கு வாங்குகிறார்கள். அவர்களுக்கு 3.68 மிச்சம். கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. வரி இறங்கும்போது பாதி உங்களுக்கு வந்தது என்றால், வரி இருந்தபோது பாதியை நீங்கள் சுமந்துகொண்டிருந்தீர்கள் என்றுதான் அர்த்தம். "என் கையிலிருந்து போன மாதிரி" என்று எழுதினீர்களே, அது இதுதான்.

இந்த ஒப்பீட்டை ஒரு நோட்டில் தொடர்ந்து எழுதி வையுங்கள். மாதாமாதம் பாக்கெட்டுக்கும் உதிரிக்கும் வரி போகக் கைக்கு நின்ற விலை, விற்ற எண்ணிக்கை. அடுத்த முறை வரி மாறும்போது யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது. ஒன்று மட்டும் கவனம்: தீபாவளி, கல்யாண மாதங்களில் விலை தானாகவே தூக்கும். மாற்றத்துக்கு முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும், போன மாதத்தோடு அல்ல.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்தப் பாதிக்குப் பாதியை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். வரி ஏறும்போது விலை ஏறுகிற வேகத்தில், இறங்கும்போது இறங்குவதில்லை. பின்லாந்தில் முடிதிருத்தும் கடைகளுக்கு 2007இல் வரியை 14 சதவீதப் புள்ளி குறைத்தார்கள், 2012இல் அதே அளவு ஏற்றினார்கள். ஆராய்ந்து பார்த்ததில், ஏற்றியபோது விலை அசைந்த அளவு, குறைத்தபோது அசைந்ததைப்போல இரண்டு மடங்கு இருந்தது. பாடப்புத்தகச் சூத்திரப்படி இரண்டும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். பிரான்சில் 2009இல் உணவகங்களுக்கு வரி 19.6இலிருந்து 5.5 ஆனபோதும் சாப்பிடுகிறவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது மிகக் குறைவு. ஆகவே உங்களிடம் தங்கிய மூன்றேகாலில் கொஞ்சம், "யாரும் கேட்கவில்லை" என்பதால் தங்கியதாகவும் இருக்கலாம். நம் நாட்டிலும் இதைத் தடுக்க ஜி.எஸ்.டி. சட்டத்தில் 171ஆம் பிரிவு உண்டு. வரிக் குறைப்பை வாங்குகிறவருக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது அது. அதன்கீழ் புதிய புகார்களை 2025 ஏப்ரல் 1 முதல் ஏற்பதில்லை. நீங்களாக இரண்டு ரூபாய் குறைத்தது உங்கள் நல்ல மனசு.

பதிவில்லாதவருக்கு வரியே இல்லை என்று நீங்கள் பொறாமைப்பட வேண்டியதும் இல்லை. அவர் வாங்கும் எண்ணெயில் 5 சதவீதம், கடை சிலிண்டர் வாங்கினால் அதில் 18 சதவீதம், பிளாஸ்டிக் கவரில் 18 சதவீதம் வரி இருக்கிறது. நீங்கள் அதையெல்லாம் உங்கள் வரியில் கழித்துக்கொள்கிறீர்கள், அவரால் முடியாது. நூறு ரூபாய்ச் சரக்கில் எண்ணெய் 20, எரிவாயு 4, கவர் 3 ரூபாய் என்று வைத்தால், அவர் அடக்கத்தில் ஒளிந்திருக்கும் வரி 2 ரூபாய் 26 காசு. உங்களுக்கு இப்போது 5 ரூபாய். ஆக உங்கள் இருவருக்கும் உள்ள உண்மையான இடைவெளி ஏறத்தாழ இரண்டேமுக்கால் ரூபாய், அதாவது 2.74தான். 12 சதவீதம் இருந்தபோது அது 9.74. வரி குறைந்ததில் உங்களுக்குக் கிடைத்த பெரிய ஆதாயம் அந்த மூன்றேகால் ரூபாய் அல்ல, இந்த இடைவெளி சுருங்கியதுதான்.

கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளைப் பார்த்துவிட்டு வருகிற வெளியூர்க்காரர்கள் உங்கள் கடைக்கு வந்தால் அது மூன்றாவது வகை. அவர்களுக்கு அந்த முற்றம் இருப்பதே தெரியாது, திரும்பி வந்து விலை விசாரிக்கவும் மாட்டார்கள். அவர்களிடம் வரி முழுவதையும் விலையில் வைத்தாலும் போய்விடும். தீபாவளிக்கு அளவுக்கு மீறிச் சுட்டுவிட்டு டின்னில் கிடக்கும் சரக்கோ நேர் எதிர். சிக்கு வாடை வருவதற்குள் தள்ளியாக வேண்டும், செலவு ஏற்கெனவே செய்தாயிற்று. அந்தச் சில வாரங்களுக்கு உங்களுக்கு நகர வழியே இல்லை. வரி முழுவதும் உங்கள் தலையில்தான்.

கல்யாண ஆர்டருக்கு நீங்கள் எப்படி விலை சொல்கிறீர்கள் என்று எழுதவில்லை. "கிலோ 366, ஜி.எஸ்.டி. தனி" என்று சொல்கிற பழக்கம் இருந்தால் ஒரு செய்தி. ராஜ் செட்டி என்று ஒரு பொருளாதார அறிஞர், பெயரைக் கேட்டதுமே உங்கள் ஊரில் நிமிர்ந்து உட்காருவார்கள். அவரும் இரண்டு ஆய்வாளர்களும் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஒரு மளிகைக் கடையில் சோதனை செய்து 2009இல் வெளியிட்டார்கள். அங்கே அலமாரியில் வரி சேர்க்காத விலைதான் இருக்கும், கல்லாவில்தான் வரி சேரும். சில சரக்குகளுக்கு மட்டும் வரி சேர்த்த விலையையும் அலமாரியில் எழுதி வைத்தார்கள். கடைசியில் கொடுக்கும் பணம் அதே. ஆனால் அந்தச் சரக்குகளின் விற்பனை 8 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. கண்ணில் படாத வரி வாங்குகிறவர் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாய்கிறது என்பது இதன் பொருள். பாக்கெட்டில் நமக்கு எம்.ஆர்.பி. எல்லா வரியும் உட்பட என்பதால் இந்த விளையாட்டு இல்லை. கல்யாண ஆர்டரில் உண்டு. ஆனால் ஐம்பது கிலோவுக்குக் கணக்குப் போடும்போது பெண் வீட்டு ஆச்சி கடைசித் தொகையைத்தான் பார்ப்பார், பக்கத்து வீட்டுக்காரரிடமும் கேட்டிருப்பார். அங்கே தனியாகச் சொன்னாலும் சேர்த்துச் சொன்னாலும் பிரிவது ஒன்றேதான். நானாக இருந்தால் முகம் கோணாமல் இருக்க 384 என்றே சொல்லிவிடுவேன்.

கடைசியாக, உங்கள் பங்கு என்று நான் சொன்ன பாதியும் உங்கள் கல்லாவிலேயே நிற்பதில்லை. எண்ணெய்க்காரரையும் அரிசிக்காரரையும் நீங்கள் குறைக்கச் சொல்ல முடியாது, அவர்களுக்கு ஊரெல்லாம் வாங்க ஆள் இருக்கிறது. 12 சதவீதம் இருந்த வருடங்களில் பிழிய வருகிற பெண்களுக்குக் கூலியை எத்தனை முறை கூட்டினீர்கள் என்று பழைய நோட்டைப் புரட்டிப் பாருங்கள். உள்ளூரிலேயே வேலை தேடவேண்டிய நிலையில் இருப்பவருக்குத்தான் நகர வழி எல்லாரையும்விடக் குறைவு. உங்கள் பாதியில் ஒரு பங்கை அவர்கள் கட்டியிருக்கக்கூடும்.